வீட்டைக் காலி செய்ய விடாத பெற்றோர்: முதலில் நடக்க ஒரு வழி

அம்மாவோ அப்பாவோ சில நாட்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஆட்களையும் வண்டியையும் கூட்டி வந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளிக் கொட்டிவிடலாம். வீடு நிறையப் பொருளைக் குவித்து வைத்திருக்கும் பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் யோசனை இதுதான். செய்தும் பார்க்கிறார்கள். சில மாதங்களில் வீடு மறுபடியும் நிறைந்துவிடுகிறது. அதைவிட மோசம், அடுத்த முறை போகும்போது கதவு திறப்பதில்லை. வீட்டுக்குள் நுழைய இருந்த ஒரே அனுமதியும் போய்விட்டால் அப்புறம் எந்த உதவியும் செய்ய முடியாது.

இந்தக் கட்டுரை வீட்டைக் காலி செய்வது பற்றியது அல்ல. பெற்றோர் எதையும் தூக்கிப் போட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அவர் அந்த வீட்டில் தடுக்கி விழாமல், தீயில் சிக்காமல், கட்டிலில் படுத்துத் தூங்க வழி செய்வது பற்றியது. மனநலத் துறையில் இதைத் தீங்கு குறைப்பு என்கிறார்கள். இதில் ஒரு பெரிய வசதி, தனக்கு ஒரு கோளாறு இருக்கிறது என்று பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கீழே விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். அதை மறுப்பவர்கள் குறைவு.

இது சோம்பேறித்தனம் இல்லை என்றால், என்ன?

பொருள் குவிப்புக் கோளாறு 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டில்தான் தனி நோயாகப் பெயர் பெற்றது. அதற்கு முன்பு அதை ஓ.சி.டி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகவே பார்த்தார்கள். பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைக் கைவிட முடியாமல் இருப்பது, கைவிட நினைத்தாலே தாங்க முடியாத தவிப்பு வருவது, அதனால் அறைகளை அவற்றுக்குரிய வேலைக்குப் பயன்படுத்த முடியாமல் போவது, இவைதான் இதன் அடையாளங்கள். பெரும்பாலோருக்கு இது பதின்ம வயதிலேயே மெல்லத் தலைகாட்டி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடிக்கொண்டே போகிறது. துணை இறந்த பிறகோ, பிள்ளைகள் வெளியேறிய பிறகோ, தடுக்க ஆள் இல்லாததால் திடீரென்று கண்ணுக்குத் தெரியும்.

2012-இல் டேவிட் டோலின் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. மூளையை ஸ்கேன் செய்துகொண்டே, பங்கேற்றவர்களிடம் அவர்களுடைய சொந்தக் காகிதங்களையும் வேறு யாருடையதோ ஆன காகிதங்களையும் காட்டி, வைத்துக்கொள்வதா கிழித்துப் போடுவதா என்று கேட்டார்கள். குவிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அடுத்தவர் காகிதம் வந்தபோது முடிவெடுக்கும் மூளைப் பகுதிகள் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. தங்கள் காகிதம் வந்தபோது அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொதித்தன. அதாவது, நமக்குக் குப்பையாகத் தெரியும் பழைய ரசீது அவர் கையில் இருக்கும்போது, ‘தவறான முடிவெடுக்கப் போகிறாய்’ என்ற எச்சரிக்கை அவருக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது. ‘இதுல என்ன இருக்கு, தூக்கிப் போடுங்க’ என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவது ஏன் வேலைக்கு ஆவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக வீடு வைத்திருந்தவர், வயதான பிறகு ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்டதையும் சேர்க்க ஆரம்பித்தால், கூடவே கெட்டுப்போன உணவும் அழுக்கும் உறுத்தாமல் போனால், சுபாவமே மாறினால், அது வேறு விஷயமாக இருக்கலாம். முன்மூளைப் பகுதியைத் தாக்கும் மறதிநோய் இப்படித் தொடங்குவது உண்டு. அப்போது முதல் படி அறை அல்ல, மருத்துவர்.

படி ஒன்று: பொருளைப் பார்க்காமல் வீட்டைப் பாருங்கள்

அடுத்த முறை போகும்போது எதையும் தொடாமல், எதைப் பற்றியும் முகம் சுளிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். என்னென்ன கிடக்கின்றன என்று எண்ண வேண்டாம். என்னென்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள். வாசல் கதவு முழுதாகத் திறக்கிறதா, பாதியில் இடிக்கிறதா? கட்டிலிலிருந்து கழிவறைக்கு இருட்டில் நடந்து போக முடியுமா? அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் காகிதமோ துணியோ இருக்கிறதா? மின்சார ஒயர் ஏதாவது அடுக்குக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறதா? மார்பு உயரத்துக்கு மேல் ஏறிய அடுக்கு எது, அது சரிந்தால் எந்தப் பக்கம் விழும்? மாத்திரை எங்கே இருக்கிறது, அதைத் தேட எவ்வளவு நேரம் ஆகிறது?

நெருப்பைப் பற்றிய கேள்விகளை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பொருள் குவிந்த வீடுகளில் நடந்த தீவிபத்துகள் மொத்த வீட்டுத் தீவிபத்துகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 விழுக்காடு அந்த வீடுகளில்தான் நடந்திருந்தன. எரிய நிறைய இருக்கிறது, உள்ளே இருப்பவர் வெளியே வர வழி இல்லை, காப்பாற்ற வருபவர் உள்ளே நுழையவும் வழி இல்லை.

எவ்வளவு மோசம் என்பதில் அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே சண்டை வரும். அதற்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி ஆகிய ஆய்வாளர்களின் குழு உருவாக்கிய படத் தொகுப்பு அது. வரவேற்பறை, படுக்கையறை, சமையலறை ஒவ்வொன்றுக்கும் காலியான அறையிலிருந்து கூரை வரை நிறைந்த அறை வரை ஒன்பது படங்கள். உங்கள் வீட்டு அறை எந்தப் படத்தைப் போல இருக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. இதில் எனக்குப் பிடித்தது, ‘ஐயோ, பயங்கரம்’ என்று சொல்லாமல் ‘படுக்கையறை ஆறு’ என்று பேசிக்கொள்ள முடிகிறது. ஆறு மாதம் கழித்து ஐந்தாகியிருந்தால் அது முன்னேற்றம்தான்.

படி இரண்டு: முதல் பேச்சு

குப்பை, அடைசல், தட்டுமுட்டு, ஓட்டை உடைசல் போன்ற சொற்களை அந்த வீட்டில் பேசுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள். ‘என் சாமான்’ என்றால் ‘உங்க சாமான்’. அடுத்து, அவரே சொன்ன ஒரு குறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாதத்தால் ஜெயிக்கப் பார்த்தால், அவர் இன்னும் வலுவாக வாதாடித் தன்னையே இன்னும் நன்றாக நம்பவைத்துக்கொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் புரியும். கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா என்று வைத்துக்கொள்வோம். கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றும் நிறைந்திருக்கின்றன. கட்டிலில் பாதி துணி மூட்டை, மீதியில் அம்மா ஒருக்களித்துத்தான் படுக்கிறார். மகள் வந்திருக்கிறாள். பேச்சு இப்படிப் போகலாம்:

“ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருக்கு?”

“எங்கடி தூங்குறது. ரெண்டு தடவை பாத்ரூம் போக எந்திரிக்கணும். போன வாரம் கால் இடறி சுவத்துல கை ஊன்றிட்டேன்.”

“எந்த இடத்துல?”

“அந்தப் பேப்பர் கட்டுகிட்ட.”

“அதை ஓரமா நகர்த்தி வெச்சா நடக்க நல்லா இருக்குமா?”

“நகர்த்தலாம். ஆனா எதையும் தூக்கிட்டுப் போயிடக் கூடாது.”

“சரிம்மா. இன்னைக்கு வாசலைத் தாண்டி ஒரு காகிதம்கூடப் போகாது.”

கடைசி வரியைக் கேட்டால் பல பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். வந்த வேலையே தூக்கிப் போடுவதுதானே என்பார்கள். ஆனால் அந்த வாக்குறுதிதான் இந்த முறையின் அச்சாணி. இடறி விழுவதற்கும் பொருளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. பொருள் இருக்கும் இடத்துக்குத்தான் சம்பந்தம். இடத்தை மாற்ற அம்மாவின் அனுமதி கிடைத்துவிட்டது. கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுங்கள். அவர் பார்க்காதபோது ஒரே ஒரு கிழிந்த பையை மட்டும் எடுத்துப் போனால் என்ன என்று தோன்றும். வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு நினைவிருக்கும். அந்தப் பை அவருக்குத் தெரியாமல் போகாது.

படி மூன்று: கட்டிலிலிருந்து கழிவறை வரை

ஒரு நேரத்தில் ஒரே வழி. முதல் வழி கட்டிலிலிருந்து கழிவறை, இரண்டாவது கட்டிலிலிருந்து வாசல், மூன்றாவது அடுப்பைச் சுற்றி. அகலம் 90 செ.மீ. இருந்தால் பக்கவாட்டில் திரும்பாமல் நடக்கலாம், அவசரம் என்றால் ஸ்ட்ரெச்சரும் நுழையும். தரையில் இருபுறமும் நிறமுள்ள ஒட்டும் நாடாவை ஒட்டிவிடுங்கள். இந்த நாடா பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் நிறைய வேலை செய்யும். ‘ரொம்ப அடைச்சு வெச்சிருக்கீங்க’ என்பது குற்றச்சாட்டு. ‘கோட்டைத் தாண்டி வந்திருக்கும்மா’ என்பது வெறும் தகவல்.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் அந்த வழியில் கிடப்பவை நான்கு செய்தித்தாள் கட்டுகள், இரண்டு பெட்டிகள், ஓடாத ஒரு மேசை விசிறி, ஒரு துணி மூட்டை. வேலை தொடங்கும் முன்பே, இவை எங்கே போகும் என்று அம்மாவிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, கதை சொல்லி, ஒரு குவியலிலிருந்து எடுத்ததை இன்னொரு குவியலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அறை அப்படியே இருக்கும். குவிக்கும் வீடுகளில் வழக்கமாக நடக்கும் சுழற்சி இது. பெட்டிகள் கூடத்து மேசைக்கு அடியில் என்றும், செய்தித்தாள்கள் சுவரோரம் இடுப்புக்குக் கீழே இருக்கும் உயரத்தில் என்றும் அம்மா சொன்னால், அப்படியே செய்யுங்கள். தூக்குவது நீங்கள், இடம் சொல்வது அவர். கட்டுகளைப் பிரிக்க வேண்டாம். அதன் மேல் ஒரு சீட்டில் ‘படுக்கையறை, கதவோரம்’ என்று பழைய இடத்தை எழுதி ஒட்டுங்கள். பொருள் தொலைந்துவிடும் என்ற பயம்தான் பாதித் தவிப்பு. அந்தச் சீட்டு அதைக் குறைக்கும்.

அரை மணி நேரம், அதிகம் போனால் முக்கால் மணி. அதற்கு மேல் போனால் முடிவெடுக்கும் திறன் தீர்ந்து, சண்டையில்தான் முடியும். அவர் முகம் சிவக்க ஆரம்பித்தாலோ, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னாலோ, கடிகாரம் என்ன காட்டினாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த முறை வரும்போது கோட்டுக்குள் இரண்டு பைகள் வந்திருக்கும். வராவிட்டால்தான் ஆச்சரியம். ‘இதுக்கு எங்கம்மா இடம்?’ என்று கேளுங்கள். அவரே எடுத்து வைக்கட்டும். சில வாரங்களில், நீங்கள் வரும் நாளுக்கு முன்பே அவர் எடுத்து வைத்திருந்தால் வழி நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். மாறாக, வழியிலிருந்து நகர்ந்த பொருளெல்லாம் வாசல் கதவருகே ஏறிக்கொண்டிருந்தால், ஆபத்தை இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். அடுப்பின் மேலும் சுற்றி ஒரு மீட்டரிலும் எரியும் பொருள் எதுவும் இல்லை. ஒயர்களின் மேல் அடுக்கு இல்லை. புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று கூரையில். ‘உங்க சாமான் எரியாம இருக்கணும்’ என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அது பொய்யும் அல்ல.

படி நான்கு: பொருளைக் கழிப்பது, அவர் விரும்பினால்

வழிகள் சில மாதங்கள் நின்றபின், ‘இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்கேன்னே தெரியல’ என்று அவரே ஒருநாள் சொல்லலாம். உடனே பையை விரித்துக்கொண்டு பாய்ந்துவிடாதீர்கள். உணர்ச்சிப் பிணைப்பு குறைந்த ஒரு வகையிலிருந்து தொடங்குங்கள். இறந்த கணவரின் சட்டைகள் கடைசி. காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் முதலில்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு முடிவு என்றால் அவரால் முடியாது. முழு வகைக்கும் அவரே ஒரு விதி சொல்லட்டும். ‘மூடி இல்லாத பாட்டில் வேண்டாம்’ என்று அம்மா சொன்னால், ஐம்பது முடிவுகள் ஒன்றாகிவிடுகின்றன. விதி அவருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன விதியை அவர் ஏற்றாலும் அன்றிரவு அது உடைந்துவிடும்.

தயங்கும் பொருளுக்குச் சிகிச்சையாளர்கள் ஒரு சோதனை செய்வார்கள். அதை வீட்டிலும் செய்யலாம். ‘இதைக் கைவிட்டா எவ்வளவு கஷ்டமா இருக்கும், பூஜ்யத்திலிருந்து நூறு வரை சொல்லுங்க’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் எழுபது என்கிறார். பொருள் வெளியே போகிறது. மறுநாள் கேளுங்கள், ஒரு வாரம் கழித்தும் கேளுங்கள். பெரும்பாலும் எண் இறங்கிக்கொண்டே வரும். தவிப்பு தானாக அடங்கும் என்று நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அவர் கையெழுத்தில் இருக்கும் அந்த எண்கள் அதிகம் பேசும். எண் இறங்கவே இல்லை என்றால், அந்த வகையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

உள்ளே வரும் பொருளையும் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். இலவசப் பொருள், தள்ளுபடி, ‘பிறருக்கு உதவும்’ என்று எடுத்து வருவது, எதன் வழியாக அதிகம் வருகிறது என்று பாருங்கள். தடுக்க வேண்டாம். வாசலருகே ஒரே ஒரு பெட்டி வைத்து, புதிதாக வருவது எல்லாம் முதலில் அதில் என்று பேசிக்கொள்ளுங்கள். பெட்டி நிறைந்தால் பேச்சு தானாக வரும்.

சிகிச்சை உண்டு. இந்தக் கோளாறுக்கென்று தனியாக ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. எண்ணமும் நடத்தையும் சார்ந்த பேச்சு சிகிச்சைதான் முதன்மை. ஃப்ராஸ்டும் ஸ்டெகெட்டியும் வகுத்த திட்டம் ஏறக்குறைய 26 அமர்வுகள் கொண்டது, அவற்றில் சில வீட்டிலேயே நடக்கும். நிலைமை தேறும்; ஆனால் பலருக்கு முழுதாகத் தீர்வதில்லை. கூடவே மனச்சோர்வு இருப்பது மிகவும் சகஜம். குவிப்பைப் பற்றிப் பேசவே மறுப்பவர், தூக்கம் வரவில்லை என்பதற்காக மருத்துவரிடம் வரச் சம்மதிக்கலாம். அந்த வாசல் வழியாகவே போங்கள்.

பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது

ஒருவர் பொறுமையாக வழி திறந்துகொண்டிருக்கும்போது, இன்னொருவர் வந்து ‘இந்த மாதத்துக்குள் காலி செய்யாவிட்டால் வரமாட்டேன்’ என்று மிரட்டினால் எல்லாம் முதலிலிருந்து. யார் பேசுவது, எதை மட்டும் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் அந்த வீட்டுக்குச் சும்மா பேசிக்கொண்டிருக்கப் போகட்டும், அதுவும் தேவைதான்.

உங்களுக்கும் எல்லை வேண்டும். அவருடைய சாமானை உங்கள் வீட்டில் வைக்க இடம் தருவதும், இன்னொரு கிடங்குக்கு வாடகை கட்டுவதும் உதவி அல்ல. குவிப்புக்கு இன்னோர் அறை சேர்வது மட்டுமே. உங்கள் குழந்தைகளை அந்த வீட்டில் இரவு தங்க வைக்க முடியவில்லை என்றால், ‘பகல்ல வர்றோம்மா, ராத்திரி தங்கல’ என்று காரணத்தை நீட்டாமல் சொல்லிவிடலாம்.

மறுப்பை மதிக்க முடியாத நிலை

தன் நிலைமையைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கக்கூடிய ஒரு பெரியவர், உங்களுக்குப் பிடிக்காத வீட்டில் வாழ முடிவு செய்யலாம். அதைத் தாங்கிக்கொள்வதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். ஆனால் வாயு கசிகிறது, ஒயர் கருகுகிறது, தரையோ கூரையோ எடை தாங்காமல் தொய்கிறது, வெளியேற ஒரு வழிகூட இல்லை, சிறு குழந்தையோ நோயாளியோ அங்கே இருக்கிறார் என்றால் நாடாவும் சீட்டும் போதாது. தீயணைப்புத் துறையையோ மருத்துவரையோ உள்ளூர் சுகாதார அலுவலகத்தையோ அழையுங்கள். அவர் சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா என்பதே சந்தேகம் என்றால், அதை மதிப்பிட வேண்டியவர் மருத்துவர், நீங்கள் அல்ல.

கட்டாயமாக அகற்றியே ஆக வேண்டும் என்றால், ஆபத்தான பகுதியை மட்டும் அகற்றுங்கள், வீடு முழுவதையும் அல்ல. என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். கை வைக்கக் கூடாத பொருட்கள் எவை என்று அவரையே கேட்டு, ஒரு பெட்டி நிறைய அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். காகிதக் கட்டுகளுக்குள் பத்திரங்களும் பணமும் புகைப்படங்களும் இருக்கும். பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்ற விடாதீர்கள். அன்றைய வேலை முடிந்ததும் ஆட்களோடு சேர்ந்து நீங்களும் கிளம்பிவிடக் கூடாது, யாராவது ஒருவர் அன்றிரவு அவரோடு தங்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் சாப்பாடு குறைகிறதா, பேச்சு குறைகிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால், மீதி அறைகளை அப்படியே விட்டுவிட்டு அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.